கூட்டத்தில் சொன்னது டெண்டர் ஆகுமா?

ஓர் அரசு டெண்டர் வெளியானதற்கும் விலைப்புள்ளி போடும் கடைசி நாளுக்கும் நடுவில் ஒரு கூட்டம் நடக்கும். ஒப்பந்ததாரர்கள் அதை ப்ரீ-பிட் மீட்டிங் என்பார்கள். அரசாணைகளில் அது ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டம். டெண்டர் ஆவணத்தில் புரியாததையும் முரண்பாடாக இருப்பதையும் ஒப்பந்ததாரர்கள் கேட்பார்கள், அதிகாரிகள் பதில் சொல்வார்கள். சில நாள் கழித்து ஒரு குறிப்பு வெளியாகும். வரிசை எண், எந்த நிபந்தனை, கேட்கப்பட்டது என்ன, அலுவலகத்தின் பதில் என்ன என்று அதில் கட்டங்கள் இருக்கும். நல்ல அலுவலகமாக இருந்தால் கடைசியில் இன்னொரு கட்டமும் இருக்கும்: இந்தப் பதிலால் டெண்டர் நிபந்தனை மாறுகிறதா, மாறினால் எந்தத் திருத்த அறிவிப்பில்?

பெரும்பாலான குறிப்புகளில் அந்தக் கடைசிக் கட்டம் இருப்பதில்லை. பின்னால் வரும் தகராறுகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. அது ஏன் என்று பார்க்க, ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஊரும் தொகையும் கற்பனை. கேள்விகள் மட்டும் எந்தக் குடிநீர்த் திட்ட டெண்டரிலும் எழுபவை.

ஒரு நகராட்சி 22 கிலோமீட்டருக்கு டிஐ எனப்படும் இரும்புக் குழாய் பதிக்க டெண்டர் விடுகிறது. மதிப்பீடு 18 கோடி ரூபாய், வேலையை முடிக்க 12 மாதம். இதே மாதிரி வேலையை மதிப்பீட்டில் 80 சதவீத அளவுக்கு, அதாவது 14.40 கோடிக்கு, ஏற்கெனவே ஒரே ஒப்பந்தமாகச் செய்து முடித்தவர்தான் கலந்துகொள்ளலாம். கூட்டத்தில் நான்கு கேள்விகள் வருகின்றன.

முதல் கேள்வி: நெடுஞ்சாலைத் துறைச் சாலையைத் தோண்டினால், அதைச் சீரமைக்கும் கட்டணத்தை யார் கட்டுவது? பொறியாளர் பதில் சொல்கிறார்: சிறப்பு நிபந்தனைகளிலேயே இருக்கிறது, நகராட்சி கட்டும். ஆவணத்தில் உண்மையிலேயே அந்த வரி இருக்கிறது, கேட்டவர் கவனிக்கவில்லை. இது வெறும் விளக்கம். இந்தப் பதிலைப் படிக்காதவருக்கும் ஆவணம் அதையேதான் சொல்கிறது. கடைசிக் கட்டத்தில் ‘மாற்றமில்லை’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

இரண்டாவது கேள்வி பள்ளத்தின் ஆழம் பற்றியது. வரைபடத்தில் 1.2 மீட்டர் என்று இருக்கிறது. வேலை அளவுப் பட்டியலில், அதாவது பிஓக்யூவில், 1 மீட்டர் ஆழத்துக்குத்தான் மண் வேலை கணக்கிடப்பட்டிருக்கிறது. எது சரி? ‘வரைபடமே செல்லும்’ என்று பதில் வருகிறது. கேட்பதற்கு இதுவும் விளக்கம்போலத்தான் இருக்கும். ஆவணங்கள் முரண்பட்டால் வரைபடத்துக்கே முன்னுரிமை என்று நிபந்தனை இருந்தால், பதில் புதிதாக எதையும் சொல்லவில்லை என்றுகூட வாதிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. பள்ளத்தின் அகலம் 60 சென்டிமீட்டர் என்று வைத்தால், 22,000 மீட்டர் நீளத்துக்குக் கூடுதலாக 20 சென்டிமீட்டர் தோண்டுவது 2,640 கன மீட்டர் மண். பட்டியலில் அந்த அளவு சேராமல் போனால் ஒருவர் அதையும் மனத்தில் வைத்து விலை போடுவார், இன்னொருவர் போடமாட்டார். இரண்டு விலைகளையும் ஒப்பிடவே முடியாது. ஆகவே பட்டியலைத் திருத்தி வெளியிட்டாக வேண்டும். இது மாற்றம்.

மூன்றாவது கேள்விதான் மிகவும் கவனிக்க வேண்டியது. டிஐ குழாய் பதித்த அனுபவம் கேட்டிருக்கிறீர்கள். எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் பதித்த அனுபவத்தை ஏற்பீர்களா? ஆணையர் யோசித்துவிட்டு, ‘ஏற்கப்படும்’ என்கிறார். போட்டியாளர் எண்ணிக்கை கூடட்டும் என்ற நல்லெண்ணம்கூட அதில் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லில், யார் போட்டியிடலாம் என்பதே மாறிவிட்டது. எச்டிபிஇ வேலை செய்த இன்னொரு ஊர் ஒப்பந்ததாரர் அறிவிப்பைப் பார்த்து, தகுதி இல்லை என்று முடிவு செய்து, டெண்டரையே கைவிட்டிருப்பார். கூட்டத்துக்கும் வந்திருக்க மாட்டார். அவருக்கு இந்தப் பதில் எட்ட வழியே இல்லை.

இந்த இடத்தில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த 1977-ல் டெண்டர் கோரப்பட்டது. ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, இரண்டாம் தர உணவகம் நடத்தும் பதிவு பெற்றவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பது நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1979-ல் நீதிபதி பி.என்.பகவதி எழுதிய தீர்ப்பு சொன்னதன் சாரம் இதுதான்: அரசு அமைப்பு தானே வகுத்த தகுதிக்குத் தானும் கட்டுப்பட்டது, அதைத் தளர்த்துவதாக இருந்தால், அந்தத் தளர்வு தெரிந்திருந்தால் போட்டியிட்டிருக்கக்கூடிய மற்றவர்களுக்கும் வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த வழக்கைத் தொடுத்தவர் தாமதமாக வந்ததையும், ஒப்பந்தம் பெற்றவர் அதற்குள் பெரும் பணம் செலவழித்திருந்ததையும் பார்த்து, ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. தவறு தவறுதான் என்றது, ஆனால் நிவாரணம் கிடைக்கவில்லை. கூட்டக் குறிப்பில் ஒளிந்திருக்கும் மாற்றத்தை உடனே கண்டுபிடித்துக் கேட்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது கேள்வி: மழைக்காலம் குறுக்கே வருகிறது, 12 மாதம் போதாது, 15 மாதமாக ஆக்க முடியுமா? ‘பரிசீலித்து ஏற்கப்பட்டது’ என்று பதில். கால அளவு மாறியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தெரியாமல் மாறியது வேறு ஒன்று. இந்த ஆவணத்தின் வேறொரு பக்கத்தில், பொருள் விலை ஏறினால் ஈடு கொடுக்கும் நிபந்தனை 12 மாதத்துக்கு மேற்பட்ட வேலைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று இருக்கிறது. இப்படி ஒரு காலவரம்பு வைப்பது ஒப்பந்தங்களில் வழக்கமானதுதான். 12 மாத வேலையில் விலையேற்றம் ஒப்பந்ததாரர் தலையில். 15 மாதம் என்று ஆனதும் அது நகராட்சி தலையில் வந்து விழுகிறது. கூட்டத்தில் யாரும் விலையேற்றம் பற்றிப் பேசவே இல்லை. குழாய் விலை ஏறினால் பல லட்சம் ரூபாய் பொறுப்பு கைமாறியிருக்கும். பதில் எழுதும் பொறியாளர், ஒரு நிபந்தனையைத் தொட்டால் அந்தச் சொல்லும் எண்ணும் ஆவணத்தில் வேறு எங்கெங்கே வருகின்றன என்று தேடிப் பார்ப்பது அதனால்தான் அவசியம். விலையேற்ற ஈடு வேண்டாம் என்றால் அதையும் திருத்தத்தில் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எது விளக்கம், எது மாற்றம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். கூட்டத்துக்கு வராமல், குறிப்பையும் படிக்காமல், மூல ஆவணத்தை மட்டும் கவனமாகப் படித்த ஒருவர் இதே முடிவுக்கு வந்திருப்பாரா? அதே தகுதி, அதே விலை, அதே காலம் என்று வந்திருப்பார் என்றால் விளக்கம். வந்திருக்க மாட்டார் என்றால் மாற்றம். நம் உதாரணத்தில் நான்கில் மூன்று மாற்றங்கள்.

மாற்றம் என்று ஆனபிறகு அதைக் குறிப்பில் எழுதி வைப்பதால் டெண்டர் மாறிவிடாது. உலக வங்கியின் மாதிரி டெண்டர் ஆவணங்கள் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கின்றன: ஆவணத்தில் செய்யும் எந்த மாற்றமும் தனியான திருத்த இணைப்பு மூலமாக மட்டுமே நடக்க வேண்டும், கூட்டக் குறிப்பு மூலமாக நடக்கக் கூடாது. கூட்டத்துக்கு வராதது தகுதியிழப்புக்குக் காரணமாகாது என்றும் அதே ஆவணங்கள் சொல்கின்றன. மத்திய அரசின் 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகள், கூட்டத்தின் பதிவு எல்லா ஒப்பந்ததாரர்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும், டெண்டர் அறிவிப்பு வெளியான எல்லா இணையதளங்களிலும் வெளியிடப்பட வேண்டும் என்கின்றன. நம்மூரில் 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் 2000-ல் வந்த விதிகள், ஒருவருக்குத் தரும் விளக்கத்தின் நகல் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் போக வேண்டும், கேட்டவர் யார் என்று தெரியக் கூடாது என்கின்றன.

கேட்டவர் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அவர்கள் கூடிப் பேசி விலை வைத்துக்கொள்வது எளிது. கேள்வியிலிருந்து பெயரை நீக்கிவிட்டு, கடைசிப் பக்கத்தில் வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியலை நிறுவனப் பெயர், கைபேசி எண்ணோடு வெளியிடும் அலுவலகங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் விதியின் நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது.

கேள்விகளையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒப்பந்ததாரர்கள் இயல்பாகக் கேட்பது தளர்வுதான்: கால அவகாசம், குறைந்த தகுதி, அதிக முன்பணம். ஒருவர் நிபந்தனையைக் கடுமையாக்கச் சொல்லிக் கேட்டால் நின்று படியுங்கள். ‘கலவை ஆலை 50 கிலோமீட்டருக்குள் சொந்தமாக இருப்பவர் மட்டும் என்று சேர்க்கலாமா?’ என்று கேட்பவருக்கு அநேகமாக 50 கிலோமீட்டருக்குள் ஆலை இருக்கும். அதற்கு ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தால், அந்த டெண்டரின் தகுதி நிபந்தனையை எழுதியது அவர்தான்.

இன்னொரு வகைப் பதிலால் யாருக்கும் பயனில்லை: ‘டெண்டர் நிபந்தனைப்படி’. ஆழம் 1 மீட்டரா 1.2 மீட்டரா என்று கேட்டவருக்கு இப்படிப் பதில் சொன்னால், எந்த நிபந்தனைப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விலை போடுகிறவர் அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து ஒரு தொகையை ஏற்றிப் போடுவார். அதைக் கொடுப்பது நகராட்சி.

சிறிய ஒப்பந்ததாரர்கள் அடிக்கடி சிக்குவது இணையதளத்தில். பிஓக்யூ திருத்தப்பட்டால் புதிய கோப்பைப் பதிவிறக்கி அதில்தான் விலை நிரப்ப வேண்டும். ஏற்கெனவே விலை போட்டவர் திரும்பவும் போட வேண்டும். கூட்டத்தில் ‘சரி, பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாரோ சொன்னதை நம்பி, திருத்தம் வராமலே அதன்படி விலைப்புள்ளி கொடுத்தால், நிபந்தனை போட்ட விலைப்புள்ளி என்று தள்ளுபடி ஆகலாம். அதிகாரி அப்படிச் சொன்னாரே என்பது அப்போது வாதமாகாது. விலைப்புள்ளி திறக்க 48 மணி நேரத்துக்கு முன்புவரை எழுத்தில் விளக்கம் கேட்க 2000-ம் ஆண்டு விதிகளில் இடமிருக்கிறது. வாய்வார்த்தையைவிட அந்தக் கடிதமே நிற்கும்.

திருத்தம் வந்த நாளும் முக்கியம். தகுதியை மாற்றிவிட்டு இரண்டு நாளில் டெண்டரை மூடினால், புதிதாகத் தகுதி பெற்றவர் வங்கி உத்தரவாதம் வாங்கவோ, களத்தைப் பார்க்கவோ முடியாது. கடைசித் தேதியையும் சேர்த்துத் தள்ளிவைத்தால்தான் திருத்தம் உண்மையில் எல்லோருக்குமான திருத்தம்.

உங்கள் ஊரில் சாலையோ குடிநீர்க் குழாயோ டெண்டர் விடப்படும்போது, tntenders.gov.in தளத்தில் அதன் ஆவணங்களைத் திறந்து பாருங்கள். கூட்டக் குறிப்பு இருந்தால் ‘ஏற்கப்பட்டது’, ‘அனுமதிக்கப்படும்’ என்ற பதில்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் திருத்த அறிவிப்பு இருக்கிறதா, எந்தத் தேதியில் வந்தது என்று தேடுங்கள். இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தத் திருத்த அறிவிப்பின் நகலைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். அதை வேலை உத்தரவு கைக்குப் போவதற்கு முன்பே செய்யுங்கள்.