பெரிய தட்டு ஒரே ஒரு முறைதான் நகரும்

1883இல் பாரிஸில் ஒரு மர விளையாட்டுப் பொருள் வெளிவந்தது. ஒரு பலகை, அதில் மூன்று குச்சிகள், ஒரு குச்சியில் கோபுரம்போல் அடுக்கிய எட்டு வட்டுகள். அடியில் பெரியது, மேலே போகப்போகச் சிறியது. பெயர் 'ஹனோய் கோபுரம்'. சியாம் நாட்டைச் சேர்ந்த என். க்ளோஸ் என்ற சீனப் பண்டிதர் கொண்டுவந்த விளையாட்டு என்றும், அவர் லி-சூ-ஸ்தியான் கல்லூரியில் பணிபுரிபவர் என்றும் விளம்பரப்படுத்தினார்கள்.

அப்படி ஒரு பண்டிதரும் இல்லை, கல்லூரியும் இல்லை. பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அந்தப் பெயர் 'ஆமியாவின் லூகா' ஆகும். கல்லூரியின் பெயர் 'சான் லூயி' ஆகும். ஆமியா நகரில் பிறந்து, பாரிஸில் சான் லூயி பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த எதுவார் லூகாதான் அந்தப் பண்டிதர். வியாபாரத்துக்குக் கீழைநாட்டுச் சாயம் பூசுவது அன்றைய ஐரோப்பாவில் நன்றாகவே எடுபட்டது. அடுத்த ஆண்டு ஆன்றி த பார்வீல் என்ற எழுத்தாளர் இன்னும் ஒரு படி போய்க் காசியையே உள்ளே இழுத்துவிட்டார். காசிக் கோயிலில் மூன்று வைர ஊசிகளும் 64 தங்க வட்டுகளும் இருக்கின்றனவாம். அர்ச்சகர்கள் இரவு பகலாக அவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். கடைசி வட்டு இடம் மாறியதும் உலகம் அழியுமாம். காசியில் அப்படியொரு கோயில் கிடையாது. ஆனால் அந்த 64 என்ற எண்ணைச் சும்மா போடவில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

விதி இரண்டே இரண்டு. ஒரு தடவைக்கு, ஏதாவது ஓர் அடுக்கின் மேலே உள்ள ஒரு வட்டை மட்டும் எடுக்கலாம். சின்ன வட்டின்மேல் பெரிய வட்டை வைக்கக் கூடாது. மொத்தக் கோபுரத்தையும் இன்னொரு குச்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொம்மை வாங்கத் தேவையில்லை, சமையலறைப் பொருட்களே போதும். ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு டிபன் தட்டு, ஒரு காபி சாஸர். மேஜையில் அ, ஆ, இ என்று மூன்று இடங்கள். அ-வில் மூன்றையும் அடுக்கி, இ-க்கு மாற்ற வேண்டும். முதலில் சாஸர் இ-க்குப் போகிறது. டிபன் தட்டு ஆ-வுக்கு. சாஸர் இ-யிலிருந்து ஆ-வுக்கு வந்து டிபன் தட்டின்மேல் உட்காருகிறது. இப்போது அ-வில் சாப்பாட்டுத் தட்டு மட்டும், இ காலி. அதை இ-க்கு மாற்றியாகிவிட்டது. இனி சாஸர் அ-வுக்கு, டிபன் தட்டு இ-க்கு, சாஸர் இ-க்கு. ஏழு நகர்த்தல்களில் வேலை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது நான்காவது நகர்த்தல். சாப்பாட்டுத் தட்டு அ-வை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் மற்ற இரண்டும் எங்கே இருந்தாக வேண்டும்? அதன் தலைமேல் எதுவும் இருக்கக் கூடாது. அது போய் உட்காரும் இடமும் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே எது இருந்தாலும் அது இதைவிடச் சிறியதுதான். ஆகவே மற்ற எல்லாமே மீதமுள்ள ஒரே இடத்தில், ஒழுங்கான சின்னக் கோபுரமாக நின்றே ஆக வேண்டும். தட்டுகள் மூன்றானாலும் முப்பதானாலும் இதிலிருந்து தப்பவே முடியாது.

அப்படியென்றால் வேலை மூன்று துண்டாகிறது: பெரியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆ-வுக்கு மாற்றுவது, பெரியதை இ-க்கு மாற்றுவது, மற்ற எல்லாவற்றையும் ஆ-விலிருந்து இ-க்குக் கொண்டுவருவது. முதல் துண்டும் மூன்றாம் துண்டும் புதிய புதிர்கள் அல்ல. ஒரு தட்டு குறைந்த அதே புதிர். அடியில் கிடக்கும் பெரிய தட்டு எதற்கும் குறுக்கே வராது, அதன்மேல் எதையும் வைக்கலாம், அது மேஜைப் பலகை மாதிரிதான். ஒரு கணக்கின் விடைக்குள் அதே கணக்கின் சிறிய வடிவம் ஒளிந்திருப்பதைக் கணினிக்காரர்கள் ரிகர்ஷன் என்கிறார்கள். தமிழ்ப் பாடநூல்களில் தற்சுழற்சி.

மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். "சரி, அந்த மற்றவற்றை எப்படி மாற்றுவது?" என்று கேட்டு, ஒவ்வொரு நகர்த்தலாக மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐந்தாவது தட்டிலேயே தலை சுற்றும். அப்படிப் பார்க்கத் தேவையே இல்லை. ஒரு தட்டை மாற்றத் தெரியும். ஒன்றை மாற்றத் தெரிந்தவருக்கு, மேலே சொன்ன மூன்று துண்டுகளால் இரண்டை மாற்றத் தெரியும். இரண்டு தெரிந்தவருக்கு மூன்று தெரியும். ஏணியின் முதல் படி உறுதியாக இருந்தால் மேலே உள்ள படிகள் தாமாக நிற்கும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். n தட்டுகளுக்குத் தேவையான குறைந்தபட்ச நகர்த்தல்களை T(n) என்போம். மூன்று துண்டுகளையும் கூட்டினால்:

```
T(n) = T(n-1) + 1 + T(n-1) = 2·T(n-1) + 1
T(0) = 0
```

இந்த வழியில் இத்தனை நகர்த்தல்கள் ஆகும் என்பது மட்டுமல்ல, இதைவிடக் குறைவாக எந்தக் கெட்டிக்காரராலும் முடிக்க முடியாது. காரணம் மேலே பார்த்ததுதான். பெரிய தட்டு ஒரு முறையாவது நகர வேண்டும். அது முதன்முதலில் கிளம்புவதற்கு முன் மற்றவை ஓரிடத்தில் சேர வேண்டும். அதற்கு T(n-1)க்குக் குறையாது. அது கடைசியாக இ-யில் உட்கார்ந்த பிறகு மற்றவை அதன்மேல் வந்து சேர வேண்டும். அதற்கும் அதே அளவு. நடுவில் குறைந்தது ஒன்று. எப்படிச் சுற்றி வந்தாலும் இதற்குக் கீழே இறங்க வழியில்லை.

0-வில் தொடங்கி இரட்டித்து ஒன்று கூட்டினால் 1, 3, 7, 15, 31, 63 என்று போகிறது. லூகாவின் எட்டு வட்டுப் பொம்மைக்கு 255. ஆனால் 64க்கு விடை வேண்டுமென்றால் இப்படி 64 படி ஏற வேண்டியிருக்கும். நேரே விடைக்குத் தாவும் சூத்திரம் இருக்கிறதா? அந்த வரிசையில் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 2, 4, 8, 16, 32, 64. சந்தேகம் தீர, சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றைக் கூட்டுவோம்.

```
T(n) + 1 = 2·T(n-1) + 2 = 2·(T(n-1) + 1)
```

இடையூறாக இருந்த அந்த "+ 1" மறைந்துவிட்டது. T(n) + 1 என்பது ஒவ்வொரு தட்டுக்கும் சரியாக இரட்டிக்கிறது, வேறொன்றுமில்லை. தட்டே இல்லாதபோது அது 0 + 1, அதாவது 1. n முறை இரட்டித்தால் 2^n. கூட்டிய ஒன்றைத் திருப்பிக் கழித்தால்:

```
T(n) = 2^n - 1
```

இதையே தட்டு வாரியாகவும் சரிபார்க்கலாம். மூன்று தட்டு ஆட்டத்தில் சாஸர் நான்கு முறை நகர்ந்தது, டிபன் தட்டு இரண்டு முறை, சாப்பாட்டுத் தட்டு ஒரே ஒரு முறை. 4 + 2 + 1 = 7. கோபுரம் எவ்வளவு உயரமானாலும் பெரியவருக்கு ஒரே பயணம்தான். அலைச்சல் எல்லாம் சின்னவருக்கு.

2^n - 1 என்ற வடிவம் லூகாவுக்குப் புதியதல்ல. விளையாட்டு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1876இல், 2^127 - 1 என்ற 39 இலக்க எண் பகா எண் என்று கணினி இல்லாத காலத்தில் நிறுவிக் காட்டியவர் அவர்.

பார்வீலின் கதைக்கு வருவோம். 64 வட்டுகளுக்கு நகர்த்தல்கள் 18446744073709551615. சதுரங்கப் பலகையில் நெல்மணிகளை இரட்டித்துக்கொண்டே போகும் கதையிலும் கடைசியில் வருவது இதே எண்தான். அர்ச்சகர்கள் நொடிக்கு ஒன்று வீதம் தூங்காமல் தப்பில்லாமல் மாற்றினாலும் ஏறக்குறைய 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் இப்போதைய வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இந்த ஆட்டத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் பைத்தான் நிரல் ஆறே வரிதான்:

```python
def hanoi(n, a, b, c):
    if n == 0:
        return
    hanoi(n-1, a, c, b)
    print(n, a, "->", c)
    hanoi(n-1, b, a, c)
```

a-யிலிருந்து, b-யை இடைத்தங்கலாக வைத்து, c-க்கு மாற்று என்று பொருள். `if n == 0` வரிகளை விட்டுவிட்டால் n பூஜ்யத்தைத் தாண்டி -1, -2 என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். பைத்தான் ஒரு கட்டத்தில் `RecursionError` என்று கையை விரித்துவிடும். அடித்தளம் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். இதை வைத்து, 64 கொடுத்தாலும் அதே பிழை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அழைப்புகள் 65 மட்டுமே. நினைவகம் நிறையாது, நேரம்தான் தீராது. நொடிக்கு நூறு கோடி நகர்த்தல்கள் செய்யும் கணினியே 584 ஆண்டுகள் எடுக்கும்.

கையால் ஆடுபவருக்கு முதல் நகர்த்தலிலேயே ஒரு பொறி உண்டு. சாஸரை எங்கே வைப்பது, ஆ-விலா இ-யிலா? மூன்று துண்டு விதியே பதில் சொல்லும். மூன்று தட்டுகள் இ-க்குப் போக, மேலே உள்ள இரண்டு ஆ-வுக்குப் போக வேண்டும். அந்த இரண்டு ஆ-வுக்குப் போக, சாஸர் இ-க்குப் போக வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இடம் மாறி மாறி வருவதால், தட்டுகள் ஒற்றைப்படையானால் சாஸர் போகவேண்டிய இடத்துக்கே நேராகப் போகும். இரட்டைப்படையானால் மற்ற இடத்துக்கு. மாற்றி வைத்தால் எந்த விதியும் மீறப்படாது, ஆட்டம் சீராகவே போகும். சின்னக் கோபுரம் இ-யில் சேர்ந்து, பெரிய தட்டுக்கு ஆ மட்டும் காலியாக இருக்கும்போதுதான் விஷயம் புரியும்.

மூன்று குச்சிகளோடு கணக்கு இத்தனை சுத்தமாக முடிந்துவிட்டது. நான்காவதாக ஒரு குச்சி நட்டால் வேறு கதை. பெரிய வட்டு கிளம்பும்போது மற்றவை ஒரே இடத்தில் குவிய வேண்டிய கட்டாயம் இல்லை, இரண்டு இடங்களில் பிரிந்து நிற்கலாம். எப்படிப் பிரிப்பது சிறந்தது என்பதுதான் சிக்கல். 1907இல் இங்கிலாந்தின் புதிர்க்காரர் ஹென்றி டூட்னி இதைத் தன் நூலில் சேர்த்தார். 1941இல் ஃப்ரேமும் ஸ்டூவர்ட்டும் ஒரு வழி சொன்னார்கள். அதைவிடக் குறைக்கவே முடியாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் தியெரி பூஷ் நிறுவியது 2014இல்தான். அந்தக் கணக்குப்படி எட்டு வட்டுகளுக்கு 255க்குப் பதில் 33 நகர்த்தல்கள் போதும். காசியின் 64 வட்டுகளுக்கு 18,433. நொடிக்கு ஒன்று வீதம் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால், பதினொன்றே கால் ஆவதற்குள் அர்ச்சகர்கள் கோபுரத்தை மாற்றிவிட்டு எழுந்துவிடலாம்.