வெயிஸ்ட்கோட்டின் முதுகு

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுகிற நேரம் ஒன்று வரும். உள்ளே போட்டிருக்கும் கையில்லாத வெயிஸ்ட்கோட்டின் முதுகு அப்போதுதான் வெளியே தெரியும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்னால் பளபளக்கும் லைனிங் துணியும், நடுவில் ஒரு பட்டையும் பக்கிளும், அந்தப் பக்கிளைச் சுற்றி வாய்கட்டிய பை போலச் சுருங்கிய துணியும் இருக்கும்.

இந்தச் சுருக்கத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1666 அக்டோபரில் இந்த உடுப்பை அரசவையில் புகுத்தினார் என்று சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் அதன் முன்பக்கத்தைப் பட்டிலும் பூவேலையிலும் தைத்தார்கள். மேலே கோட்டு மறைத்துவிடும் என்பதால் முதுகுக்கு விலை குறைந்த சாதாரணத் துணியே போதுமானதாக இருந்தது. உடம்புக்கேற்ப இறுக்கிக்கொள்ள அங்கே கயிறு வைத்தார்கள். இன்றைய பக்கிள் அந்தக் கயிற்றின் வாரிசு. கோட்டு இல்லாமல் வெயிஸ்ட்கோட்டை மட்டும் போடுகிறவர்கள் பெருகிவிட்ட இந்த நாளில், முதுகையும் உடம்போடு ஒட்டும்படி வெட்டுவதுதான் முறை என்பது என் கருத்து.

போன ஆவணியில் ஒரு மாப்பிள்ளைத் தம்பி வந்து, “அண்ணே, பின்னாடி பக்கிள் வேண்டாம், துணியும் முன்னாடி இருக்கிறதே இருக்கட்டும்” என்றார். மார்பு 38 அங்குலம், இடுப்பு 34. சட்டைக்கு மேல் மூச்சு விடவும் கையை நீட்டவும் மார்பில் இரண்டரை அங்குலம், இடுப்பில் இரண்டு அங்குலம் தளர்ச்சி வேண்டும். ஆக, தைத்து முடித்த உடுப்பு மார்பில் 40½, இடுப்பில் 36. இரண்டுக்கும் நடுவே நாலரை அங்குலம் வித்தியாசம். பாதி உடம்புக்குத்தான் பேட்டர்ன் போடுகிறோம் என்பதால் கணக்கில் வருவது இரண்டேகால்.

இந்த இரண்டேகாலை எங்கே எடுப்பது என்பதில்தான் முதுகின் அமைப்பு இருக்கிறது. பக்கத் தையலில் மட்டும் எடுத்தால் முன்னும் பின்னும் பலகை போல நிற்கும், பக்கவாட்டில் துணி இழுக்கும். நான் இப்படிப் பிரித்தேன்: முதுகின் நடுத்தையலில் அரை, பின் டார்ட்டில் முக்கால், பக்கத் தையலில் அரை, முன் டார்ட்டில் அரை. முதுகுப் பக்கம் அதிகம் எடுத்ததற்குக் காரணம், அந்தத் தம்பிக்கு இடுப்புக்கு மேல் முதுகு நன்றாகக் குழிந்திருந்தது. சற்று தொந்தி உள்ளவராக இருந்தால் முன் டார்ட்டைக் கால் அங்குலமாகக் குறைத்துக்கொள்வேன், சில உடம்புக்கு அதுவும் வேண்டாம். அளவெடுக்கும்போது ஆளைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். டேப் சுற்றளவைச் சொல்லும், குழிவு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

நடுத்தையல் இடுப்பில் உள்பக்கமாக வளைவதால் ஒரு சிக்கல் வரும். தையலுக்கு விட்ட துணியின் ஓரம் அந்த இடத்தில் நீளம் குறைவாக இருக்கும். இருபுறமும் பிரித்து இஸ்திரி போட்டால் அது வெளித்துணியைக் கயிறு போல இழுக்கும். கம்பளித் துணி என்றால் ஈரமும் சூடும் கொடுத்து அந்த ஓரத்தை நீட்டிவிடலாம். நீளாத துணியென்றால் இடுப்பருகே இரண்டு மூன்று இடத்தில் கத்தரி நுனியால் கீறிவிட வேண்டும். மீன் வடிவ டார்ட்டின் அகன்ற நடுப்பகுதிக்கும் இதே வைத்தியம்தான்.

நல்ல துணியில் கைவைக்கும் முன் காடாத் துணியில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு ஆளுக்கு மாட்டிப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் படுக்கைவாட்டில் ஒரு மடிப்பு விழுந்தது. முதுகின் நீளம் அதிகம் என்று முதலில் தோன்றும். ஆனால் பக்கத் தையலைக் கீழ்நுனியில் இரண்டு அங்குலம் பிரித்துவிட்டதும் மடிப்பு தானாக இறங்கிவிட்டது. பிருஷ்டத்தின் மேல் இறுக்கமாக இருந்ததால் துணி கீழே இறங்க வழியில்லாமல் மேலே ஏறி மடிந்திருக்கிறது. நீளத்தைக் குறைத்திருந்தால் உடுப்பே கெட்டிருக்கும். கீழ்ச்சுற்றைக் கொஞ்சம் கூட்டியதோடு சரியாகிவிட்டது.

அடுத்து வெல்ட் பாக்கெட். நிமிர்ந்து நிற்கும் சின்னப் பட்டி ஒன்று பையின் வாயை மூடியிருக்கும். முன்பக்க டார்ட்டைத் தைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் பாக்கெட், ஏனென்றால் டார்ட் அதன் வாயருகே வந்து சேர்கிறது. கீழ்ப் பாக்கெட்டுக்குப் பட்டியின் நீளம் ஐந்து அங்குலம், முடித்த அகலம் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பக்கத் தையலை நோக்கிப் போகும் முனை அரை அங்குலம் ஏறியிருக்கும். பட்டி சாய்ந்திருந்தாலும் அதன் இரு ஓரங்களும் துணியின் நேர்நூலோடு செங்குத்தாக நிற்க வேண்டும். கோடு போட்ட துணி என்றால் முன்பக்கக் கோடும் பட்டியின் கோடும் ஒரே கோடாக ஓட வேண்டும். இதற்காகப் பட்டியை முன்பக்கத்தின் மேல் வைத்து, கோட்டைச் சேர்த்துப் பார்த்துத்தான் வெட்டுவேன்.

வாய் வரும் இடத்தின் உள்பக்கம் மெல்லிய ஃபியூசிங் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, கீழ்க்கோட்டில் பட்டியையும், அதற்கு மேலே அரை அங்குலம் தள்ளிப் பைத்துணியையும் தைக்க வேண்டும். மேல் தையல் கீழ்த் தையலைவிட இரு முனையிலும் ஒரு நூல் உள்ளே நின்றுவிட வேண்டும். நூல் என்று தையல்காரர்கள் சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். இரண்டும் சம நீளமாக இருந்தால் பட்டியை மேலே நிமிர்த்தும்போது ஓட்டையின் மூலை பட்டிக்கு வெளியே எட்டிப்பார்க்கும். அப்புறம் அதை மறைக்க வழியே இல்லை.

பிறகு இரண்டு தையலுக்கும் நடுவே வெட்டிக்கொண்டு போய், முனைக்கு அரை அங்குலம் இருக்கும்போது கவைபோல இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தையலின் கடைசிக் கண்ணையும் நோக்கி வெட்ட வேண்டும். தையலைத் தாண்டி ஒரு இழை வெட்டுப்பட்டாலும் நாளடைவில் அங்கே துணி பிரிந்து ஓட்டை விழும். பயந்துபோய் முன்னதாக நிறுத்தினால், பட்டியைத் திருப்பியதும் அந்த மூலையில் சிட்டிகை போட்டதுபோல ஒரு சுருக்கு நிற்கும். சுருக்கைப் பார்த்தால் இன்னும் இரண்டு இழை வெட்ட வேண்டும் என்று அர்த்தம். அதனால் முதலில் குறைவாக வெட்டிப் பார்ப்பதே நல்லது. பட்டியை நிமிர்த்தி, முக்கோண நுனிகளை உள்ளே தள்ளி, ஓரங்களைக் கையால் தைத்து முடிக்கலாம்.

இனி லைனிங். முழுக்கத் திருப்பும் லைனிங் என்றால், வெளித்துணியையும் லைனிங்கையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி முகத்தோடு முகம் வைத்துச் சுற்றிலும் தைத்து, தலையணை உறையைப் போல வெளியே திருப்புவது. கழுத்து, கைக்குழி, கீழ்முனை எங்கும் மேலே ஒரு தையலும் தெரியாது. கைக்குழி ஓரத்திலும் பின்பக்கக் கீழோரத்திலும் லைனிங்கை ஒரு நூல் குறைத்து வெட்டினால், திருப்பியபின் தையல் உள்பக்கமாக உருண்டு ஒளிந்துகொள்ளும். முதுகின் குறுக்கே மட்டும் இதற்கு நேர்மாறாக அரை அங்குல மடிப்பு ஒன்றை நடுவில் விட வேண்டும். கையை முன்னால் நீட்டும்போது முதுகு விரியும், லைனிங் அதைத் தடுக்கக் கூடாது. முன்விளிம்பில் லைனிங் எட்டிப்பார்க்காமல் இருக்க, உள்பக்கம் மூன்று அங்குல அகலத்துக்கு வெளித்துணியே ஃபேசிங்காக வரும்.

தொழில் பழகிய நாட்களில் நான் தோற்றது இந்த இடத்தில்தான். சட்டை தைத்த பழக்கத்தில் தோளையும் பக்கத்தையும் மூடிவிட்டு, லைனிங்கையும் அப்படியே மூடி, இரண்டையும் சேர்த்து கழுத்தும் கைக்குழிகளும் தைத்தேன். திருப்பப் போனால் உடுப்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எந்த வழியாக இழுத்தாலும் வரவில்லை. தோளும் பக்கமும் மூடி, கைக்குழியும் வளையமாகத் தைத்துவிட்டால் துணி வெளியே வர வழி இல்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து தையல் பிரித்தேன்.

சரியான வரிசை இது. வெளித்துணியில் தோளை மட்டும் சேர்க்க வேண்டும், லைனிங்கிலும் தோளை மட்டும். பிறகு இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து, முன்பக்கக் கீழோரத்தில் தொடங்கி முனையைச் சுற்றி, முன்விளிம்பு ஏறி, கழுத்தைச் சுற்றி மறுபக்கம் இறங்கும்வரை ஒரே தையல். அப்புறம் இரண்டு கைக்குழி, கடைசியாக முதுகின் கீழோரம். பக்கங்கள் நான்கும் திறந்தே இருக்கும். தையலோரத்தைக் கால் அங்குலமாகக் குறைத்து, கைக்குழி வளைவில் அரை அங்குலத்துக்கு ஒரு கீறல் கொடுத்தபின், முதுகின் திறந்த பக்கம் வழியாகக் கையை உள்ளே விட்டு, தோள் என்ற சுரங்கத்தைக் கடந்து முன்பக்கத்தின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது தோள் வழியாக வெளியே வரும். நாலு அங்குலத் தோளில் சுலபமாக வரும். தோள் மூன்றுக்குக் கீழே போனாலோ, முன்னால் கனத்த கேன்வாஸ் வைத்திருந்தாலோ சிக்கிக் கசங்கும். இந்த முறைக்கு உள்ள வரம்பு அதுதான்.

இஸ்திரி போட்டபின் பக்கத் தையல். வெளித்துணியின் முன்னையும் பின்னையும் நல்ல பக்கம் சேர்த்து, கைக்குழித் தையலும் கீழோரத் தையலும் நேருக்கு நேர் பொருந்தும்படி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். லைனிங்கில் கைக்குழிக்கு ஒரு அங்குலம் தள்ளித் தொடங்கி, வெளித்துணி முழுவதும் இறங்கி, கீழோரத்தைத் தாண்டி மறுபடியும் லைனிங்கில் ஒரு அங்குலம் ஏறி நிறுத்தலாம். லைனிங்கில் மிஞ்சும் திறப்பை மிஷினில் தைக்க முடியாது. ஓரத்தை உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத கைத்தையலால் மூடியாக வேண்டும்.

பக்கிள் இல்லாத முதுகைப் பின்னால் தளர்த்த முடியாது என்பது உண்மை. அதற்காகப் பக்கங்களில் மட்டும் முக்கால் அங்குலம் துணி விட்டுத் தைத்திருந்தேன். ஒவ்வொரு ஓரத்திலும் மூன்று நூல் விட்டாலே சுற்றளவில் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். கைக்குழித் தையலும் கீழோரத் தையலும் பக்கத்தின் வெட்டு ஓரம் வரைக்கும் ஓடியிருப்பதால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. மாப்பிள்ளைத் தம்பி தைமாதம் சற்றுப் பூரித்து வந்து நின்றார். லைனிங்கில் இருந்த கைத்தையலைப் பிரித்து, அந்த வழியாகப் பக்கத் தையலை வெளியே இழுத்து, ஒன்றரை அங்குலம் விட்டுக் கொடுத்து, மறுபடியும் கையால் மூடித் தந்தேன்.