சைக்கிள் சீட்டை எவ்வளவு உயர்த்தலாம்? பெடல் முழு வட்டம் சுற்றுமா என்று சொல்லும் எளிய கணக்கு

வார இறுதியில் ஓட்டுவதற்காக நண்பரின் சைக்கிளை வாங்கி வந்திருக்கிறீர்கள். அவர் உங்களைவிட உயரம். சீட்டை இறக்காமல் அப்படியே ஏறி மிதித்தால், பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது. பத்து கிலோமீட்டர் தாண்டியதும் முழங்காலின் பின்பக்கம் வலிக்க ஆரம்பிக்கிறது.

இது வெறும் சௌகரியப் பிரச்னை போலத் தெரியலாம். உண்மையில் இயந்திரப் பொறியியலின் ஒரு பழைய விதியை நீங்கள் மீறியிருக்கிறீர்கள். அந்த விதி என்ன என்று பார்ப்போம்.

சைக்கிள் மிதிக்கும் கால் ஓர் இயந்திரமா?

ஆமாம். பொறியாளர்கள் இதை 'ஃபோர் பார் லிங்கேஜ்' என்பார்கள். நான்கு தண்டுகளை, முனைக்கு முனை கீல் வைத்து ஒரு மூடிய வளையமாகக் கோர்த்தால் கிடைக்கும் அமைப்பு அது. நான்கில் ஒன்று அசையாது. மற்ற மூன்றும் அதைச் சார்ந்து அசையும்.

உங்கள் காலில் அந்த நான்கும் இருக்கின்றன. இடுப்பு மூட்டிலிருந்து பெடல் சுற்றும் அச்சு வரையிலான தூரம் அசையாத தண்டு. இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடை. முழங்காலிலிருந்து பெடல் வரை கீழ்க்கால். பெடலையும் அச்சையும் இணைக்கும் கிராங்க் நான்காவது. தொடை மேலும் கீழுமாக ஆடுகிறது, கிராங்க் சுற்றுகிறது. தையல் மெஷினின் மிதிபலகையும் சக்கரமும் இதே அமைப்புதான். கார் வைப்பரில் இது தலைகீழாக நடக்கும்: மோட்டார் சுற்றும், வைப்பர் கை ஆடும்.

கிராங்க் முழுசாகச் சுற்ற என்ன நிபந்தனை?

ஜெர்மன் பொறியாளர் ஃப்ரான்ஸ் கிராஷாஃப் (1826–1893) பெயரால் அழைக்கப்படும் விதி இதைச் சொல்கிறது. மிகக் குட்டையான தண்டையும் மிக நீளமான தண்டையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, மீதி இரண்டு தண்டுகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது.

S + L ≤ P + Q

S குட்டையானது, L நீளமானது, P, Q மற்ற இரண்டு. இது பொருந்தினால் குட்டைத் தண்டு மற்றவற்றைப் பொறுத்து முழு வட்டம் சுற்றலாம். பொருந்தாவிட்டால் எந்தத் தண்டாலும் முழுதாகச் சுற்ற முடியாது, எல்லாம் ஆட மட்டுமே செய்யும். சைக்கிளில் குட்டைத் தண்டு கிராங்க்தான்.

ஏன் அப்படி?

கிராங்க் இடுப்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நொடியை யோசியுங்கள். சீட் ட்யூபின் கோட்டிலேயே அது கீழ்நோக்கி நீண்டிருக்கும். அப்போது இடுப்புக்கும் பெடலுக்கும் உள்ள தூரம், அசையாத தண்டும் கிராங்கும் சேர்ந்த நீளம். அந்தத் தூரத்தைத் தொடையும் கீழ்க்காலும் சேர்ந்து எட்டியாக வேண்டும். இரண்டையும் நேராக நீட்டியும் எட்டவில்லை என்றால், கிராங்க் அந்த இடத்தைக் கடக்கவே முடியாது. சுற்றிலேயே கடினமான இடம் இதுதான். சைக்கிளைப் பொறுத்தவரை, S + L என்ற கூட்டல் சொல்வது இந்த ஒரு நொடியைத்தான்.

எண்களை வைத்துப் பார்ப்போம்

கிராங்க் 170 மில்லிமீட்டர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு இது. தொடை 430, கீழ்க்கால் 470 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 900.

நண்பரின் சீட் உயரத்தில் இடுப்பிலிருந்து அச்சு வரை 750 என்றால், 750 + 170 = 920. இது 900-ஐவிட அதிகம், எனவே விதி பொருந்தவில்லை. கணக்குப்படி கிராங்க் அடிப்புள்ளிக்கு சுமார் 31 டிகிரி முன்பே நின்றுவிடும். மறுபக்கத்திலும் அதே 31 டிகிரி. அதாவது வட்டத்தில் 62 டிகிரி உங்களுக்கு எட்டாத பகுதி.

சீட்டை 20 மில்லிமீட்டர் இறக்கினால் 730 + 170 = 900. சரியாக எல்லையில் நிற்கிறோம். பெடல் சுற்றும், ஆனால் அடியில் கால் விறைப்பாக, முழு நேராக நீண்டுவிடும். இயந்திரங்களில் இந்த எல்லை ஆபத்தானது. தண்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்தபின், கீல் எந்தப் பக்கம் மடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முழங்கால் ஒரே பக்கம்தான் மடியும் என்பதால் அந்தக் குழப்பம் நமக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மூட்டு அதன் எல்லை வரை நீட்டப்படுகிறது.

அதனால் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடிந்திருக்க வேண்டும் என்பது சைக்கிள் ஃபிட்டிங்கில் பரவலாகப் பின்பற்றும் அளவு. 30 டிகிரி என்று எடுத்தால், நம் உதாரணத்தில் இடுப்பு–பெடல் தூரம் சுமார் 870 வர வேண்டும். அதில் கிராங்கின் 170-ஐக் கழித்தால் 700. நண்பரின் உயரத்திலிருந்து சீட்டை 50 மில்லிமீட்டர் இறக்கினால் போதும்.

அப்படியென்றால் 750-லும் எப்படி ஓட்ட முடிந்தது?

நியாயமான கேள்வி. கணக்கில் நாம் கணுக்காலையும் இடுப்பையும் அசையாதவை என்று வைத்தோம். உடம்பு அப்படி இல்லை. பாதத்தின் நுனியைக் கீழே நீட்டினால் கீழ்க்கால் தண்டு நீளமாகிறது. இடுப்பைச் சரித்தால் அசையாத தண்டு குறுகுகிறது. குறையும் 20 மில்லிமீட்டரை உடம்பு இப்படித்தான் ஈடுகட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும், ஆயிரக்கணக்கான முறை.

ஆகவே விதி மீறப்பட்டதை பெடலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இடுப்பைப் பார்க்க வேண்டும். பின்னால் ஒருவரை வரச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ, பெடல் அடியில் இருக்கும்போது மட்டும் குதிகால் சட்டென்று எழும்பினாலோ, சீட் உயரம் அதிகம் என்று அர்த்தம்.

சீட்டை இன்னும் இறக்கிவிட்டால்?

கிராஷாஃப் விதி அதைத் தடுக்காது, இடைவெளி கூடத்தான் செய்யும். ஆனால் வட்டத்தின் மறுமுனையில் சிக்கல். 700 உயரத்தில் பெடல் மேலே வரும்போது இடுப்பு–பெடல் தூரம் 700 − 170 = 530. அப்போது முழங்கால் சுமார் 108 டிகிரி மடிகிறது. சீட் இறங்க இறங்க இந்த மடிப்பு அதிகமாகி, முழங்காலின் முன்பக்கம் சுமை கூடும்.

இன்னொன்றையும் விதி சொல்லாது. கிராங்க் சுற்ற முடியும் என்று மட்டும்தான் அது உறுதி தருகிறது, சுற்ற வைக்கும் விசை கிடைக்குமா என்று அல்ல. கீழ்க்காலும் கிராங்கும் ஒரே கோட்டில் வரும் நொடியில் எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் திரும்பாது. இதை 'டெட் சென்டர்' என்பார்கள். தையல் மெஷின் அந்த இடத்தில் நின்றுவிட்டால் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளித்தான் கிளப்புவோம். சைக்கிளில் ஓட்டத்தின் வேகம் அதைக் கடத்திவிடுகிறது. சிக்னலில் நின்றால் ஒரு பெடலை முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறீர்கள் இல்லையா? அது இதற்காகத்தான்.