வெல்த் அட்வைசர் பயோடேட்டா: லைசென்ஸ், கோடி, சதவீதம் மூன்றையும் சரிபார்ப்பது எப்படி?

ஆவடி படைக்கலத் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தை எங்கே போடலாம் என்று சொல்பவர்தான் வெல்த் அட்வைசர். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் வழக்கமாக மூன்று தகுதிகளைக் கேட்கும்: சந்தை லைசென்ஸ், நிர்வகித்த தொகை, தக்கவைத்த வாடிக்கையாளர்களின் சதவீதம். பயோடேட்டாவில் மூன்றும் ஒவ்வொரு வரியாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

எந்த லைசென்ஸ்?

'என்ஐஎஸ்எம் சர்டிஃபைட்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. மியூச்சுவல் ஃபண்ட் விற்பதற்கான தேர்வு வரிசை 5-ஏ. அதை முடித்து விநியோக நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஆம்ஃபி தனியாக ஒரு EUIN எண் தரும். நிறுவனத்துக்கு இருப்பது ARN எண். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும் வேலை வேறு. அதற்கு 10-ஏ, 10-பி தேர்வுகள் வேண்டும். INA என்று தொடங்கும் செபி பதிவு எண்ணுள்ள நிறுவனத்தின் கீழ் வேலை செய்ய வேண்டும்.

செபி 2020-ல் திருத்திய விதியின்படி, பதிவு பெறாத விநியோகஸ்தர் 'வெல்த் அட்வைசர்' என்று தன்னை அழைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே 5-ஏ மட்டும் வைத்திருப்பவரை அந்தப் பட்டத்தில் அமர்த்தினால், தவறு ஆள் எடுத்த நிறுவனத்துடையதும்தான். 5-ஏ சான்றிதழ் மூன்று ஆண்டுகள்தான் செல்லும். எனவே காலாவதித் தேதியைப் பாருங்கள். ARN எண்ணை amfiindia.com-லும் INA எண்ணை sebi.gov.in-லும் தேடிப் பார்த்துவிடலாம்.

அந்தக் கோடி யாருடைய உழைப்பு?

ஒரு கற்பனை உதாரணம். 'ஒரே ஆண்டில் 20 கோடியை 25 கோடியாக உயர்த்தினேன்' என்கிறது பயோடேட்டா. ஆண்டு 2023-24, பணம் பெரும்பாலும் பங்கு ஃபண்டுகளில். 2023 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 17,360-ல் இருந்த நிஃப்டி, 2024 மார்ச் இறுதியில் 22,327-க்கு வந்தது. இது சுமார் 28.6 சதவீத ஏற்றம். சந்தையோடு சேர்ந்து நகர்ந்திருந்தாலே 20 கோடி, ஏறத்தாழ 25.7 கோடி ஆகியிருக்கும். அவரிடம் 25 கோடிதான் இருக்கிறது. அப்படியானால் புதிதாக வந்த பணத்தைவிட வெளியே போன பணம் சுமார் 70 லட்சம் அதிகம்.

அதனால் மொத்தத் தொகையைக் கேட்பதோடு நிறுத்தாமல், அந்த ஆண்டில் உள்ளே வந்தது எவ்வளவு, எடுக்கப்பட்டது எவ்வளவு என்றும் கேளுங்கள். கிளையின் மொத்தக் கணக்கைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதும் உண்டு. பரிவர்த்தனைகளில் பொதுவாக EUIN பதிவாவதால், 'உங்கள் EUIN-ல் வந்தது எவ்வளவு?' என்று கேட்டால் அது தெரிந்துவிடும்.

90 சதவீதமா, 70 சதவீதமா?

ஆண்டுத் தொடக்கத்தில் 200 வாடிக்கையாளர்கள், முடிவில் 180 பேர். '90 சதவீதம் தக்கவைத்தேன்' என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த 180-ல் 40 பேர் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் என்றால், பழைய 200 பேரில் மிச்சம் 140. உண்மைக் கணக்கு 70 சதவீதம்.

தொடக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், விலகியவர்கள் வைத்திருந்த தொகை எவ்வளவு என்ற இரண்டையும் கேளுங்கள். வீடு கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ பணம் எடுத்தவரை அட்வைசர் தவறவிட்டதாகச் சொல்ல முடியாது. காரணத்தையும் கேட்ட பிறகு எடை போடுங்கள்.

வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்காதீர்கள்

கணக்கை நிரூபிக்க மொத்தத் தொகை போதும். பெயர், போன் நம்பர், ஃபோலியோ எண் தேவையில்லை. அவை வாடிக்கையாளர் பழைய நிறுவனத்தை நம்பிக் கொடுத்த விவரங்கள். அந்தப் பட்டியலோடு வருபவர் நாளை உங்கள் பட்டியலோடும் கிளம்புவார். வேலை தேடுபவரும், 'லிஸ்ட் கொண்டு வந்தால்தான் வேலை' என்று சொல்லும் இடத்தில் தயங்காமல் மறுக்கலாம்.

தீர்வு எங்கே?

ஆள் எடுக்கும் நிறுவனம், பயோடேட்டாவில் உள்ள எண்கள் பொய்யென்று தெரிந்தால் நியமனம் ரத்தாகும் என்ற வரியை ஆர்டரில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலீட்டாளருக்கும் உரிமை உண்டு. அட்வைசர் நிறுவனம் மாறினால் நீங்களும் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. விநியோகஸ்தரை மாற்றவோ நேரடித் திட்டத்துக்குப் போகவோ உங்கள் கையெழுத்துதான் வேண்டும். பதிவு பெற்றவர் தவறு செய்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் scores.sebi.gov.in-ல் புகார் பதியலாம். நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். வழி தெரியாவிட்டால் செபியின் இலவச எண் 1800 22 7575. பதிவே இல்லாதவரிடம் பணம் கொடுத்திருந்தால், ரசீதையும் பேச்சுப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு காவல்துறைக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் பதிவு எண்ணைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்கச் சொல்கிறோம்.