சாப்பிட மறுக்கும் நோய்க்கு மூன்று விளக்கங்கள்

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 36 இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்காததால், அதற்கு ஈடாக ஒரு பட்டினிச் சோதனைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். போரால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படித் தேற்றியெடுப்பது என்பதுதான் சோதனையை நடத்திய ஆன்செல் கீஸின் கேள்வி. அடுத்த ஆண்டு 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,600 கலோரிதான் கிடைத்தது. உருளைக்கிழங்கும் டர்னிப்பும் ரொட்டியும் மக்ரோனியுமாக இரண்டு வேளைச் சாப்பாடு. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். முடிவில் உடல் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு கரைந்திருந்தது.

எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். மனத்துக்கு நேர்ந்தது எதிர்பாராதது. அதுவரை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஒரு தட்டுச் சோற்றைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் கலந்து, நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். நண்பர்களை ஒதுக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், சோர்ந்து கிடந்தார்கள்.

அனோரெக்சியா நெர்வோசா வந்த ஒரு 15 வயதுப் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய காட்சிதான். தோசையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்குவாள். வீட்டில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போடுவாள், தான் தொடமாட்டாள். ஃபேன் ஓடினால் போர்வை கேட்பாள். மாதவிலக்கு நின்றிருக்கும். இவற்றில் பாதி, நோய்க்குக் காரணமல்ல, பட்டினியின் விளைவு. இந்த நோயைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இது. அது தெரியாவிட்டால் விளைவையெல்லாம் காரணமாக எழுதிவிட நேரும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மினசோட்டா இளைஞர்கள் சாப்பாடு கிடைத்ததும் பாய்ந்து சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். அனோரெக்சியா வந்தவளோ கண்ணெதிரே உணவிருந்தும் மறுக்கிறாள். மறுக்க முடிவது எப்படி? உயிரியல் விளக்கம் தொடங்குவது இங்கேதான்.

இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், இந்த நோய்க்கான சாய்வில் ஏறக்குறையப் பாதி மரபிலிருந்து வருவதாகச் சொல்கின்றன. 2019இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை அலசிய பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை அடையாளம் கண்டது. அந்தச் சாய்வு, திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யத் தூண்டும் மனநோயோடு மட்டுமின்றி, உடல் கொழுப்பையும் சர்க்கரையையும் கையாளும் விதத்தோடும் பிணைந்திருந்தது. எளிதில் மெலியும் உடல்வாகும் இந்த நோயின் பங்காளியாக இருக்கலாம் என்று அதற்குப் பொருள். வால்டர் கே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இன்னொன்றைச் சொல்கிறார்: நம்மில் பெரும்பாலோருக்குப் பட்டினி எரிச்சலைத் தரும், பதற்றம் மிகுந்த இவர்களுக்கோ அது அமைதி தருகிறது. இது இன்னும் முழுதாக நிறுவப்படாத கருத்து. ஆனாலும் நோயாளிகள் தாங்களே சொல்வதோடு ஒத்துப்போவதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

உளவியல் விளக்கத்தில் ஹில்டா புரூக்கைத் தாண்டிப் போக முடியாது. அவர் கண்ட பெண்கள் குறை சொல்ல இடமில்லாத பிள்ளைகள். முதல் மதிப்பெண், மறுவார்த்தை பேசாத பணிவு. தனக்கு என்ன வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கே அது தெரிந்ததுமில்லை. தன் கையில் இருப்பது தன் உடல் ஒன்றுதான் என்று ஆகும்போது, எடை இயந்திரத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவும் சொந்தமாக வென்ற வெற்றியாகிறது. பலருக்கு நோய் வருவதற்கு முன்பே, சிறுவயதிலேயே, பதற்றமும் எதையும் பிசகில்லாமல் செய்யும் பிடிவாதமும் இருந்ததைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின.

1970களில் சால்வடோர் மினுச்சின் பழியைக் குடும்பத்தின் மேல் வைத்தார். ஒருவர் வாழ்வில் ஒருவர் மூச்சுமுட்ட நுழைந்து, சண்டையை மூடி மறைக்கும் குடும்பங்களில் இந்த நோய் வருகிறது என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் பார்த்தது நோய் வந்த பிறகான குடும்பங்களை. மகள் கண்முன்னே எலும்பாகிக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய்தான் அவள் தட்டையே பார்க்காமல் இருப்பாள்? மறுபடியும் விளைவு காரணமாகிவிட்டது.

சமூகப் பண்பாட்டு விளக்கத்துக்கு எல்லோரும் காட்டும் சான்று ஃபிஜி. கொழுகொழுவென்றிருப்பதைப் பெருமையாக நினைத்த தீவு அது. 1995இல் நத்ரோங்கா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. மூன்றாண்டு கழித்து ஆன் பெக்கர் பள்ளிச் சிறுமிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுப்பவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். முன்பு ஒருவரும் இல்லை. வலுவான சான்றுதான். ஆனால் அவர் அளந்தது உணவைப் பற்றிய மனப்போக்கை. அனோரெக்சியா பெருகியதை அல்ல. விளம்பர அழகிகளை எல்லாப் பெண்களும் பார்க்கிறார்கள், நோய் மிகச் சிலருக்கே வருகிறது.

அதைவிட முக்கியமானது ஹாங்காங். மனநல மருத்துவர் சிங் லீ 1993இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற 70 சீன நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றே சொன்னார்கள். அங்கேயும் பின்னாளில் குண்டாகும் பயம் பெருகியது. இந்தியாவிலும் அந்தப் பயமில்லாத நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "தொண்டைக்குக் கீழே இறங்கலம்மா" என்று நம் வீட்டுப் பெண் சொன்னால் அஜீரணம் என்று கஷாயம் வைத்துக் கொடுத்து மாதங்களைக் கழித்துவிடுகிறோம். பட்டினிக்கு ஒருவர் சொல்லும் காரணத்தை ஊரும் காலமும் கொடுக்கின்றன; பட்டினியைத் தாங்கும் உடல் அதற்கு முன்பே இருக்கிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு திருத்தப்பட்டபோது, பயத்தைச் சொல்லாவிட்டாலும் எடை ஏறவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்று வரையறை மாறியது.

எனவே மூன்றையும் ஒப்பிடும்போது எது சரி என்று தீர்ப்பெழுத முனைந்தால் கட்டுரை வழிதவறும். மூன்றும் பதில் சொல்வது மூன்று வேறு கேள்விகளுக்கு. ஏன் இத்தனை பேர் உணவைக் குறைக்கத் தொடங்குகிறார்கள் என்பதற்குச் சமூகம் பதில் சொல்லும். தொடங்கியவர்களில் ஏன் இந்த ஒருத்தியால் நிறுத்த முடியவில்லை என்பதற்கு மரபும் உடலும் பதில் சொல்லும். அந்தப் பட்டினி அவளுக்கு என்னவாகப் பொருள்படுகிறது என்பதற்கு உளவியல். என் கணக்கில் மூன்றில் உயிரியலுக்கே எடை அதிகம். ஆனால் அது மட்டும் தனியாக எந்தப் பெண்ணையும் பட்டினியில் தள்ளுவதில்லை.

சிகிச்சை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகி 1987இல் பரிசோதிக்கப்பட்ட குடும்பச் சிகிச்சை, காரணத்தைத் தேடுவதை ஒதுக்கிவைத்து, பெற்றோரையே பிள்ளைக்குச் சோறூட்டும் பொறுப்பில் அமர்த்தியது. நோய் வந்து மூன்றாண்டு தாண்டாத சிறுவயதினருக்கு அது நல்ல பலன் தந்தது. பழி சுமந்த குடும்பம் மருந்தானது. பட்டினி கிடக்கும் மூளையோடு பேசிப் பயனில்லை, முதலில் எடை ஏற வேண்டும்.

வீட்டில் வளரும் பிள்ளை எடை குறைந்துகொண்டே போனால், மாதவிலக்கு நின்றால், எழுந்ததும் தலை சுற்றினால், எந்தக் காரணம் சொன்னாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாடித்துடிப்பையும் ஈசிஜியையும் இரத்தத்தில் உள்ள உப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ரொம்ப மெலிந்துபோன உடலில் திடீரென்று நிறையச் சாப்பாட்டைத் திணித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுவிடக்கூடும். அதனால் ஊட்டுவதையும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் தொடங்க வேண்டும்.