கையிருப்பு தீரும் முன்பே பெக் ஏன் உடைகிறது?

மெக்சிகோவில் 1954-லிருந்து ஒரு டாலருக்கு 12.50 பெசோ. 22 வருஷம் அந்த விலை அசையவே இல்லை. 1976 ஆகஸ்ட் 31 அன்று அரசு கையை விரிச்சுடுச்சு. சில வாரங்களிலேயே டாலர் 20 பெசோவை ஒட்டிப் போயிடுச்சு. அதிபர் எச்செவெரியா காலத்தில் பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது. அதில் ஒரு பகுதியை அடைக்க மத்திய வங்கி நோட்டு அடித்தது, மிச்சத்துக்கு வெளிநாட்டுக் கடன்.

இந்த மாதிரி கதையைத்தான் பால் க்ருக்மன் 1979-ல் ஒரு மாடலாக எழுதினார். நாம ஒரு கற்பனை நாட்டை வெச்சு அதைப் பார்க்கலாம். அங்கே டாலர் விலை 10 என்று பெக் பண்ணியிருக்காங்க. மக்கள் கையில் வெச்சுக்க விரும்பும் பணம் 1000 கோடி. அதில் பாதி அரசுக்குக் கொடுத்த கடனால் வந்தது. மீதி 500 கோடிக்கு ஈடாக மத்திய வங்கியில் 50 கோடி டாலர் இருக்கு.

அரசு மாதம் 50 கோடி புதுசா அடிக்குது. மக்களுக்கு அந்தக் கூடுதல் நோட்டு வேண்டாம், கொண்டுபோய் டாலராக மாத்திக்கிறாங்க. மாதம் 5 கோடி டாலர் போகுது. அப்போ பத்து மாதம் தாங்கும், இல்லையா?

தாங்காது. பெக் போனால் அடிக்கிற நோட்டெல்லாம் விலைவாசியை ஏத்தும். கரைகிற பணத்தை யார் நிறைய வெச்சுக்குவாங்க? பழைய விலையில் 800 கோடி போதும்னு நினைப்பாங்க என்று வெச்சுக்குவோம். இப்போ 'இன்னிக்கே கையிருப்பு முழுக்கக் காலியானால் டாலர் என்ன விலைக்குப் போகும்' என்று கேளுங்க. இதுதான் நிழல் விலை.

நாலாவது மாதத்தில் எல்லோரும் பாய்ந்தால் மிஞ்சும் பணம் 700 கோடி. தேவை 800 என்பதால் டாலர் 8.75-க்கு இறங்கும், 10-க்கு வாங்கினவனுக்கு நஷ்டம். எட்டாவது மாதத்தில் மிஞ்சுவது 900 கோடி, நிழல் விலை 11.25. ஒரே ராத்திரியில் 12.5 சதவீதம் லாபம்! அது தெரிஞ்சவன் ஒரு நாள் முன்னாடியே வாங்குவான். அவனுக்கு முன்னாடி இன்னொருத்தன். இப்படிப் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து, நிழல் விலை சரியாக 10-ஐத் தொடும் ஆறாவது மாதத்தில் வந்து நிற்கும். அன்னிக்கு மீதமிருக்கும் 20 கோடி டாலரும் ஒரே நாளில் காலி.

கவனிங்க, யாரும் பீதியில் ஓடலை. கணக்குப் போட்டுத்தான் ஓடினாங்க. அதனால் 'ஸ்பெகுலேட்டர்கள் கவிழ்த்துட்டாங்க' என்கிற அமைச்சர் பேச்சை நான் பெரிசா எடுத்துக்கறதில்லை. நோட்டு அடிக்கிறதை நிறுத்தியிருந்தால் அந்த நாள் வந்திருக்காது.

ஒண்ணு, இந்த மாடலில் அரசு பொம்மை மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும், வட்டியை ஏத்திப் போராடாது. இன்னொண்ணு, நிஜத்தில் அந்த நாள் எதுன்னு யாருக்கும் துல்லியமா தெரியாது. அந்தச் சந்தேகம் விலையிலேயே தெரியும். மெக்சிகோவில் பெக் உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே, சிகாகோவின் ஃப்யூச்சர்ஸ் சந்தையில் பின்னாடி டெலிவரி ஆகிற பெசோ 12.50 கணக்கைவிட மலிவாத்தான் கைமாறிக்கிட்டிருந்தது.