கண்ணாடியில் மணி பார்க்கலாம், தண்ணீரில்?

சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கடிகாரம் எதிரே இருக்கும் கண்ணாடியில்தான் தெரியும். எண்கள் இல்லாத கடிகாரம். முட்கள் 8:20 காட்டுகின்றன. உண்மையில் அப்போது மணி 3:40.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. 11:60-லிருந்து கழித்தால் விடை வந்துவிடும். 11:60 என்பது 12 மணியேதான். கடன் வாங்காமல் கழிக்க அப்படி எழுதுகிறார்கள். கண்ணாடி இடத்தையும் வலத்தையும் மட்டுமே மாற்றும். 8-ல் இருந்த நிமிட முள் 4-க்குப் போகும். 3-க்கும் 4-க்கும் நடுவே மூன்றில் இரண்டு பங்கு நகர்ந்திருந்த மணி முள், 8-ஐத் தாண்டி மூன்றில் ஒரு பங்கில் நிற்கும். 8:20-க்கு அது நிற்க வேண்டிய இடமும் அதுவே. இரண்டு முட்களும் ஒரே நேரத்தைத்தான் சொல்கின்றன.

தண்ணீரில் கதை வேறு. அங்கே மேல் கீழாகிறது. அதே 3:40-ல் நிமிட முள் 8-லிருந்து 10-க்கு ஏறும். அதாவது 50 நிமிடம். மணி முள்ளோ 2-ஐத் தாண்டி மூன்றில் ஒரு பங்கில் நிற்கும். அது சொல்வது 2:20. ஒழுங்காக ஓடும் எந்தக் கடிகாரத்திலும் முட்கள் இப்படி நிற்கவே முடியாது. 3:40 மட்டுமல்ல, எந்த நேரத்தை எடுத்தாலும் இந்த அரை மணிப் பிசகு வரும். காரணம் எளிது. தலைகீழாக்கியதும் நிமிடக் கணக்கு தொடங்கும் 12-ஆம் இடம் அடியில் 6-க்குப் போய்விடுகிறது.

தேர்வில் இதற்கும் ஒரு சுருக்குவழி உண்டு: 18:30-லிருந்து கழிப்பது. 3:40-ஐக் கழித்தால் 14:50, அதாவது 2:50. மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் படத்தை வரைந்து பார்ப்பவர் மணி முள் 3-ஐ நெருங்கவில்லையே என்று குழம்புவார். குழப்பம் நியாயமானதே, 1:50 என்றாலும் பிசகு அதே அரை மணிதான்.

டிஜிட்டல் கடிகாரத்துக்கு இந்தக் கழித்தல் எதுவும் ஒத்துவராது. அங்கே எண்ணின் வடிவம்தான் புரளும். கோடுகளால் ஆன 2 கண்ணாடியிலும் தண்ணீரிலும் 5 ஆகும், 5 அதேபோல் 2 ஆகும். அதனால் 12:51 கண்ணாடியிலும் 12:51 என்றே தெரியும், தண்ணீரில் 15:21.

எண்களில் அதிகம் பேர் சறுக்குவது 6-ல். தண்ணீரில் அது 9 ஆகும் என்று குறித்துவிடுவார்கள். 9 வர வேண்டுமானால் தாளை அரைச்சுற்று சுழற்ற வேண்டும். தண்ணீர் சுழற்றுவதில்லை, கவிழ்க்கிறது. கிடைப்பது இடவலம் மாறிய 9. ஆங்கில எழுத்துகளில் 'என்', 'எஸ்', 'இசட்' மூன்றும் இதே பொறிதான். அரைச்சுற்று சுற்றினால் மாறாதவை, கண்ணாடியில் மாறிவிடும்.

சந்தேகம் வந்தால் மெல்லிய தாளில் அழுத்தி எழுதி, புத்தகப் பக்கம்போல் புரட்டி வெளிச்சத்தில் பாருங்கள். அது கண்ணாடிப் பிம்பம். அடி விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் புரட்டினால் நீர்ப் பிம்பம்.